வெளிநாட்டு வாக்காளராகப் பதிய: முதலில் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு வந்து, இன்னும் இந்தியக் குடிமக்களாக இருப்பவர்கள் ஊரில் ஓட்டுப் போட 2011 முதல் தனிப் பதிவு உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இது கிடையாது. ஓசிஐ அட்டை இருந்தாலும் கிடையாது.

முகவரிச் சான்று என்றதும் பலர் இங்குள்ள வாடகை ஒப்பந்தத்தையும் கரன்ட் பில்லையும் தேடுகிறார்கள். அவை எதற்கும் உதவாது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், பெற்றோர் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் இந்திய முகவரிதான் சான்று. அது எந்தத் தொகுதியில் வருகிறதோ, அங்கேதான் பெயர் சேரும்.

பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் முகவரி, பெற்றோரோ இப்போது கோவையில் என்று வைத்துக்கொள்வோம். கோவை வீட்டு வரி ரசீதைக் காட்டி அங்கே பதிய முடியாது. விண்ணப்பம் தஞ்சாவூருக்குத்தான் போகும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த வீட்டுக்கே போய், இவர் இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று உறவினர்களிடம் விசாரிப்பார். உறுதிசெய்ய அங்கே உறவினர் இல்லாவிட்டால் ஆவணங்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்கு வரும், நாள் இழுக்கும். அலுவலர் வருவார் என்று ஊரில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னொரு சிக்கல், தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது வருகிறது. அப்போது இங்குள்ள முகவரியை அச்சிடக் கொடுத்துவிட்டால், ஊரில் எந்தத் தொகுதி என்று காட்ட அதில் எதுவும் மிஞ்சாது. ஓட்டு வேண்டுமென்றால் ஊர் முகவரியையே கொடுங்கள்.

விண்ணப்பிக்க voters.eci.gov.in தளத்தில் Form 6A திறக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த கலர் போட்டோ, பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கம், முகவரிப் பக்கம், நடப்பு விசா உள்ள பக்கம் ஆகியவை வேண்டும். நகல்களில் நீங்களே கையெழுத்திட்டால் போதும். தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலிலும் அனுப்பலாம். நேரில் கொடுத்தால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். கட்டணம் இல்லை. வேட்புமனு தாக்கல் முடிந்த பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க மாட்டார்கள். தேர்தல் அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் அதை மறைக்கக் கூடாது. பழைய பதிவைச் சொல்லி நீக்கக் கேட்டு, வாக்காளர் அட்டையை ஒப்படைக்க வேண்டும். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

பதிவானதும் புது அட்டை எதுவும் வராது. உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியலின் கடைசியில், வெளிநாட்டு வாக்காளர்களுக்கான தனிப் பகுதியில் பெயர் இருக்கும். ஓட்டுப் போட அந்த வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். ஊருக்கே திரும்பிக் குடியேறிவிட்டால் பதிவு அலுவலருக்குத் தெரிவித்துவிட்டு, படிவம் 6 கொடுத்து சாதாரண வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம்.