வளர்ச்சியைச் சொல்லலாம், விலையைச் சொல்லிவிடக் கூடாது

புதிய நிறுவனம் நடத்துபவர் தன் வளர்ச்சியைக் காட்ட மாதாந்திர வருமானத்தை அப்படியே பொதுவெளியில் போட்டால், யாருக்கு என்ன விலை தந்தார் என்பதைக் கண்டுபிடிக்க எதிராளிக்குக் கழித்தல் கணக்குப் போதும். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டணம் கடைக்கு மாதம் 1,000 ரூபாய். போன மாத வருமானம் 82,000, இந்த மாதம் 1,20,000. ‘18 புதிய கடைகளும் ஒரு ஜவுளி நிறுவனமும் சேர்ந்தன, யாரும் விலகவில்லை’ என்று எழுதினால், 38,000 உயர்வில் கடைகளின் 18,000 போக மீதி 20,000 அந்த நிறுவனத்துக்குத் தந்த விலை. அடுத்த பெரிய வாடிக்கையாளர் அதற்குக் கீழேதான் பேரத்தைத் தொடங்குவார்.

இதற்கு நான் கண்ட வழி, வருமானத்துக்குப் பதில் தங்கியவர் கணக்கைச் சொல்வது: ‘ஜனவரியில் சேர்ந்த 40 கடைகளில் 31 கடைகள் ஏப்ரலிலும் தினமும் பில் போடுகின்றன.’ வாங்க நினைப்பவருக்கும் முதலீட்டாளருக்கும் இதுதான் வேண்டும். விலை இதில் தெரியாது. பெரிய வாடிக்கையாளரின் பெயரை, எழுத்தில் சம்மதம் வாங்கி, ஓரிரு மாதம் கழித்தே வெளியிடுகிறேன்.

பொதுவில் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் இன்வாய்ஸ் எண்ணை மறைக்க வேண்டும். வரிசை எண்ணாக இருந்தால், இரண்டு மாதப் படங்களின் வித்தியாசமே விற்பனை எண்ணிக்கை.

கையிருப்புப் பணம், மாதச் செலவு எல்லாம் முதலீட்டாளருக்கான தனி மின்னஞ்சலில் மட்டும். பங்கு விலையைப் போட்டு ‘முதலீடு திரட்டுகிறோம்’ என்று பொதுவில் அறிவிப்பது வேறு வகைச் சிக்கல்: இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்கும் நிறுவனம் அதற்குப் பொது விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.