‘நான்’ கதைய ‘அவள்’ கதையா மாத்தும்போது எங்க தப்பு விழுது

ஆடியோ கதைக்கு எழுதின ஸ்கிரிப்ட் நான், எனக்குன்னு போகும், அதையே அச்சுக்கு அவள், அவளுக்குன்னு மாத்தணும்னா நிறைய பேர் முதல்ல பண்றது ஃபைண்ட் ரீப்ளேஸ். ‘என்’னு தேடி ‘அவள்’னு போட்டா ‘என்ன’ எல்லாம் ‘அவள்ன’ ஆயிடும், ‘நான்’ போட்டு தேடினா ‘நான்கு’ போயிடும். அது கண்ணுல பட்டுடும், திருத்திடலாம். ஆனா தமிழ்ல பாதி வாக்கியத்துல ‘நான்’ங்கற வார்த்தையே இருக்காது, ஆள் யாருங்கறது வினையோட வால்லதான் ஒட்டியிருக்கு, ‘போனேன்’ மாதிரி. அந்த வால் தேடல்ல சிக்காது. அதுக்கு ‘ேன’ன்னு வெறும் அந்தத் துண்ட தேடுங்க, வந்தேன், வந்தேனா, வரேன்னு எல்லாமே மாட்டும், நடுவுல தேனும் சேனையும் வந்தா விட்டுட்டு போங்க. அப்பவும் ஒண்ணொண்ணா படிச்சுதான் மாத்தணும், மொத்தமா மாத்தற பட்டன தொடவே தொடாதீங்க.

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கலாம்.

“நேத்து ராத்திரி மணி பத்து. பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன். அக்கா போன் பண்ணி எங்க இருக்கேன்னு கேட்டா. வந்துட்டு இருக்கேன்னு பொய் சொன்னேன். என் குரல்லயே அக்காவுக்குப் புரிஞ்சிருக்கும். அப்பறம் அவளே ஸ்கூட்டில வந்து என் கையில அவளோட போர்வைய தந்தா.”

மொதல்ல, ‘நான்’ ஆணா பெண்ணா, அவனா அவரான்னு இந்தப் பத்தியில எங்கயும் இல்ல. படர்க்கைக்கு வந்தா முதல் வினையிலயே அத சொல்லியாகணும். அதனால மாத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க, இல்லன்னா மூணாம் பக்கத்துல ‘அவள்’னு இருந்தது ஏழாம் பக்கத்துல ‘அவர்’னு ஆயிடும். நான் இத மாலதின்னு வச்சுக்கறேன்.

அடுத்து, வந்துட்டு இருக்கேன்னு சொன்ன இடம். இத இயந்திரத்தனமா ‘வந்துகொண்டிருக்கிறாள் என்று பொய் சொன்னாள்’னு மாத்தினா வேற யாரோ வர்றதா அர்த்தம் வந்துடும். மேற்கோளுக்குள்ள இருக்கற தன்மைய அப்படியே விடணும், இல்ல ‘வந்துகொண்டிருப்பதாக’ன்னு மடக்கணும். ரெண்டும் சரி, ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதுதான் தப்பு.

எனக்கு அதிகமா பயம் தர்றது போர்வைதான். மாலதி, அக்கா ரெண்டு பேரும் பெண், ‘அவள் கையில் அவள் போர்வையைக் கொடுத்தாள்’னு எழுதினா யார் போர்வை யார் கையில? இதுக்குத்தான் நம்மகிட்ட ‘தன்’ இருக்கு, அது பெரும்பாலும் அந்த வாக்கியத்தோட எழுவாயத்தான் காட்டும். கொடுக்கறது அக்கான்னா ‘தன் போர்வை’ அக்காவோடது. இது தெரியாம ‘என்’ வந்த இடத்துல எல்லாம் ‘தன்’ போட்டா ‘அக்கா தன் கையில் கொடுத்தாள்’னு கை மாறிப்போயிடும். அங்க பேரத்தான் போடணும்.

காலம் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. பேச்சுல ‘நிக்கிறேன்’, ‘கேட்டா’ன்னு நிகழ்காலமும் இறந்தகாலமும் கலந்து வரும், காதுக்கு அது உறுத்தாது, படிக்கும்போது உறுத்தும், கதையோட்டத்த இறந்தகாலத்துக்குக் கொண்டுவாங்க, வசனத்துக்குள்ள இருக்கறத மட்டும் தொடாதீங்க. அதோட ‘நேத்து’ங்கறது ‘நான்’ பேசற நாள வச்சு சொன்னது, இப்ப அந்த நாளே இல்லாததால ‘அன்று’ன்னு ஆகணும்.

அப்பறம் ‘புரிஞ்சிருக்கும்’. இது மாலதியோட ஊகம். ‘அக்காவுக்குப் புரிந்தது’ன்னு எழுதிட்டா நாம அக்கா மனசுக்குள்ள குதிச்சுட்டோம், இதுவரைக்கும் மாலதி பார்வையில போன கதை அந்த ஒரு வாக்கியத்துல நழுவிடும். ஊகத்த ஊகமாவே வைங்க.

எல்லாம் சேர்த்தா இப்படி வரும்:

“அன்று இரவு மணி பத்து. மாலதி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அக்கா கலா போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். வந்துகொண்டிருப்பதாகப் பொய் சொன்னாள் மாலதி. தன் குரலிலேயே அக்காவுக்குப் புரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சிறிது நேரத்தில் கலாவே ஸ்கூட்டியில் வந்து மாலதியின் கையில் தன் போர்வையைக் கொடுத்தாள்.”

வெறும் ‘அக்கா’ன்னு இருந்தத முதல் தடவை ‘அவளுடைய அக்கா கலா’ன்னு ஆக்கினத பாருங்க, கதை சொல்றவருக்கு அவ அக்கா இல்லையே. ‘தந்தா’ன்னு இருந்தது ‘கொடுத்தாள்’னு ஆனதுக்கும் காரணம் இருக்கு. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும்னு தொல்காப்பியம் கிளவியாக்கத்துலயே பிரிச்சு வச்சிருக்கு. இன்னிக்கு அவ்வளவு கறாரா யாரும் பாக்கறதில்ல, நானும் ‘வந்து’ங்கறத வேணும்னேதான் விட்டிருக்கேன், ஏன்னா பார்வை மாலதி நிக்கற இடத்துலயே இருக்கு. அதே காட்சிய கலா வீட்டுலேர்ந்து சொன்னா அவ ‘ஸ்கூட்டியில் போய்’தான் கொடுத்திருப்பா. மாத்தி முடிச்சதும் இந்த வா, போ ரெண்டையும் மட்டும் தனியா ஒரு தடவை தேடிப் பாருங்க, பார்வை எந்தப் பத்தியில இடம் மாறியிருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும்.