எல்லையில் பிழை பூச்சியம் என்றால் உள்ளேயும் பூச்சியமா? ஐந்து புள்ளித் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலகுச் சதுரத்தில் Δu = 0, எல்லையில் u-வின் மதிப்பு தெரியும். சதுரத்தை h இடைவெளியில் கட்டங்களாகப் பிரித்து, லாப்லாஸ் செயலிக்குப் பதிலாக ஒவ்வொரு உட்புள்ளியிலும் இதை வைக்கிறோம்:

```
Δ_h U(i,j) = [U(i+1,j) + U(i-1,j) + U(i,j+1) + U(i,j-1) - 4U(i,j)] / h²
```

Δ_h U = 0 என்றால் ஒவ்வொரு உட்புள்ளியின் மதிப்பும் தன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி. சராசரி எப்போதும் அந்த நான்கில் பெரியதைத் தாண்டாது. அதனால் U-வின் பெரும மதிப்பு எல்லையில்தான் கிடைக்கும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. "u-வுக்கும் பெரும மதிப்புக் கொள்கை உண்டு, U-வுக்கும் உண்டு. எல்லையில் இரண்டும் ஒன்றே, எனவே பிழை e = u − U அங்கே பூச்சியம். ஆகவே உள்ளேயும் e பூச்சியம்." இப்படி எழுதப்பட்ட விடைகள் ஏராளம். படிக்கும்போது சரியாகவே தோன்றும், அதுதான் இதன் ஆபத்து.

ஒரே ஒரு உட்புள்ளியை வைத்தே இதை உடைக்கலாம். u = x⁴ − 6x²y² + y⁴ என்று எடுங்கள். இதற்கு Δu = 0. h = 1/2 என்றால் உட்புள்ளி ஒன்றுதான்: (1/2, 1/2). அதன் அண்டைகள் நான்கும் எல்லையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் u = 1/16, மற்ற இரண்டில் u = −7/16. சராசரி −3/16, அதுவே U. உண்மை மதிப்போ −1/4. ஆக e = −1/4 + 3/16 = −1/16. எல்லையில் துளிப் பிழை இல்லாதபோதும் நடுவில் பிழை இருக்கிறது.

கொள்கை யாருக்குப் பொருந்தும்

கட்டத்தின் மீதுள்ள பெரும மதிப்புக் கொள்கையைச் சரியாகச் சொன்னால் இப்படி: எல்லா உட்புள்ளிகளிலும் Δ_h V ≥ 0 என்றால், V-யின் பெரும மதிப்பு எல்லையில் உள்ள பெரும மதிப்பைத் தாண்டாது. நிபந்தனை Δ_h பற்றியது, Δ பற்றியது அல்ல. Δu = 0 என்பதால் Δ_h u = 0 ஆகிவிடாது. டெய்லர் விரிவு சொல்வது:

```
Δ_h u = Δu + (h²/12)(u_xxxx + u_yyyy) + ...
```

நம் எடுத்துக்காட்டில் u_xxxx = u_yyyy = 24. ஆறாம் வகைக்கெழுக்கள் பூச்சியம் என்பதால் அதற்கு மேல் உறுப்புகளே இல்லை. ஆக Δ_h u = 4h², தோராயமாக அல்ல, துல்லியமாகவே. Δ_h U = 0 என்பதால் Δ_h e = 4h². இதுதான் துண்டிப்புப் பிழை. மேலே சொன்ன வாதம் இதை விழுங்கிவிட்டது.

நிரலைச் சோதிக்க u = x² − y² போன்ற எளிய சார்பை எடுப்பதும் இதே பள்ளத்தில் விழுவதுதான். மூன்றாம் படி வரையுள்ள பல்லுறுப்புக் கோவைகளுக்கு நான்காம் வகைக்கெழுக்கள் இல்லை, துண்டிப்புப் பிழையும் இல்லை. கணினியின் முழுமையாக்கல் பிழை மட்டுமே தெரியும். நிரலில் குறி தவறியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் h² குறைவதை அதில் பார்க்கவே முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். Δ_h e = 4h² ≥ 0 என்பதால் கொள்கை e-க்கும் பொருந்தத்தான் செய்கிறது. அது தரும் முடிவு e ≤ 0. நாம் கண்ட −1/16 அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் e எவ்வளவு கீழே போகலாம் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. Δ_h V ≥ 0 மேல்பக்கத்தை மட்டுமே கட்டும். கீழ்ப்பக்கம் வேண்டுமானால் −V-க்கு அதே நிபந்தனை வேண்டும். சில நூல்கள் −Δ_h என்று தொடங்குவதால் குறி தலைகீழாகும். ஒரு நூலிலிருந்து நிபந்தனையையும் இன்னொன்றிலிருந்து முடிவையும் எடுத்தால் வம்புதான்.

நிறுவலைப் பொறுத்தவரை, பெரும மதிப்பு உள்ளே ஒரு புள்ளியில் இருந்தால், அது அண்டைகளின் சராசரியைத் தாண்டாது. அண்டை எதுவும் அதைவிடப் பெரியதும் அல்ல. எனவே நான்கும் சமம். அப்படியே அண்டை அண்டையாக நடந்தால் எல்லையை அடைந்துவிடுவோம். அண்டைகளின் கெழுக்கள் எல்லாம் நேர்மமாக இருப்பதுதான் இதன் உயிர்நாடி. −1, 16, −30, 16, −1 என்ற கெழுக்கள் கொண்ட நான்காம் வரிசைச் சூத்திரத்துக்கு இதே நிறுவலை நகலெடுத்தால் அந்த −1-இலேயே வாதம் நின்றுவிடும்.

ஒப்பீட்டுச் சார்பில் வழுக்கும் இடங்கள்

பொதுவாக Δ_h e-க்கு நிலையான குறி இருக்காது. தெரிந்தது |Δ_h e| ≤ T மட்டுமே. u_xxxx, u_yyyy இரண்டின் அளவும் M-ஐத் தாண்டாவிட்டால் T = h²M/6. குறி இல்லாத e-யோடு, குறியைச் சரிசெய்யும் ஒரு சார்பைக் கூட்டுவதுதான் உத்தி. கெர்ஷ்கோரின் 1930-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த வழி இருக்கிறது. ஆமாம், ஐகன் மதிப்புகளுக்கான வட்டங்களைத் தந்த அதே ஆள்தான்.

```
φ(x,y) = [(x - 1/2)² + (y - 1/2)²] / 4
```

இருபடிச் சார்பு என்பதால் Δ_h φ = 1, துல்லியமாக. சதுரத்துக்குள் φ ≥ 0. மூலைகளில்தான் அது மிகப் பெரியது, அங்கே 1/8. இப்போது Δ_h(e + Tφ) = Δ_h e + T ≥ 0. ஆகவே எந்த உட்புள்ளியிலும்

```
e ≤ e + Tφ ≤ max_எல்லை (e + Tφ) ≤ T/8
```

முதல் சமனின்மை φ ≥ 0 என்பதால் வருகிறது. இரண்டாவது கொள்கையால் வருகிறது. மூன்றாவது, எல்லையில் e = 0 என்பதால். e = 0 என்ற தகவலுக்கு இதுதான் சரியான இடம். φ எதிர்மமாகும் சார்பு ஒன்றை எடுத்தால் முதல் படியே சரிந்துவிடும். "பிழை உள்ளேதானே பெரிது, φ-யும் நடுவில் பெரிதாக இருக்கட்டும்" என்று கவிழ்ந்த வடிவத்தை எடுத்தால் Δ_h φ = −1 ஆகி இரண்டாவது படி சரியும். x²/2-ஐ எடுப்பது தவறல்ல. எல்லையில் அதன் பெரும மதிப்பு 1/2 என்பதால் வரம்பு நான்கு மடங்கு தளர்வாகும், அவ்வளவே.

பிறகு −e-க்கும் அதே மூன்று படிகள். இதைப் பலர் மறந்துவிட்டு |e| என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் |e| ≤ T/8, அதாவது |e| ≤ h²M/48.

நம் சார்பில் M = 24, எனவே வரம்பு h²/2. h = 1/2-க்கு வரம்பு 1/8, உண்மைப் பிழை 1/16. h = 1/4-க்கு ஒன்பது உட்புள்ளிகள். சமச்சீரால் e மூன்று மதிப்புகளையே எடுக்கும்: மூலையருகே p, பக்கத்தின் நடுவருகே q, மையத்தில் c. h² · 4h² = 1/64 என்பதால்:

```
2q - 4p     = 1/64
2p + c - 4q = 1/64
4q - 4c     = 1/64
```

தீர்த்தால் c = −9/512, q = −7/512, p = −11/1024. வரம்பு 16/512. மையத்தின் 9-க்கு எதிரே 16: இவ்வளவு எளிய வாதத்துக்கு இது மோசமே அல்ல.

இங்கேயே இன்னொரு தவறையும் பிடிக்கலாம். சமன்பாட்டை h²-ஆல் பெருக்கி எழுதுபவர்கள் வலப்பக்கத்தில் 4h⁴-ஐப் பார்த்து "பிழை h⁴ வரிசை" என்கிறார்கள். h பாதியானபோது மையப் பிழை 1/16-இலிருந்து 9/512 ஆனது, அதாவது 3.56 மடங்கு குறைந்தது. h⁴ என்றால் 16 மடங்குக்கு அருகே குறைந்திருக்க வேண்டும். துண்டிப்புப் பிழையைத் தீர்வின் பிழையாக மாற்றும் 1/8, Δ_h-ஐ h²-ஆல் வகுத்து எழுதும்போது மட்டுமே உரியது.

நிரலை எப்போது நிறுத்துவது

அந்த h² விவகாரம் தாளோடு நிற்பதில்லை. U என்பது நேரியல் சமன்பாடுகளின் துல்லியமான தீர்வு என்று கொண்டே வரம்பைப் பெற்றோம். யாகோபி முறையில் சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டு, இரு சுற்றுகளுக்கு இடையிலான மாற்றம் δ சிறிதானதும் நிறுத்தினால் கையில் இருப்பது வேறு ஒன்று. அதன் எச்சத்துக்கும் இதே φ வாதம் செல்லும். யாகோபியில் மாற்றம் என்பது h²-ஆல் பெருக்கிய எச்சத்தின் கால் பங்கு. ஆக Δ_h வடிவில் எச்சம் 4δ/h², அதிலிருந்து வரும் பிழை δ/(2h²) வரை இருக்கலாம்.

h = 1/100, δ = 10⁻⁶ என்று வையுங்கள். இந்தப் பிழை 0.005 வரை போகலாம். நம் எடுத்துக்காட்டில் கட்டப் பிழையின் வரம்போ 0.00005. நூறு மடங்கு வித்தியாசம்! δ-வை மாற்றாமல் h-ஐ மட்டும் பாதியாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு மொத்தப் பிழை குறைவதற்குப் பதில் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தைக் கண்டால் திட்டத்தைச் சந்தேகிக்கும் முன் நிறுத்தும் அளவுகோலைப் பாருங்கள்.

M இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

h²M/48-இல் M முடிவுறு எண்ணாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அதிகம் பேர் பார்க்காமல் கடந்துபோகிறார்கள். பாடநூல்களில் மிகவும் புழங்கும் கணக்கு ஒன்றே இதில் தோற்கிறது: −Δu = 1, எல்லையெங்கும் u = 0. y = 0 பக்கத்தில் u பூச்சியம் என்பதால் அங்கே u_xx = 0. x = 0 பக்கத்தில் u_yy = 0. மூலையில் இரண்டாம் வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருந்தால் கூட்டுத்தொகை 0 ஆக வேண்டும், சமன்பாடோ −1 என்கிறது. ஆக இரண்டாம் வகைக்கெழுவே அங்கே தொடர்ச்சியற்றது. நான்காம் வகைக்கெழுக்கள் மூலையை நெருங்க நெருங்க 1/r² போலப் பெருகும். M இல்லை, வரம்பும் இல்லை.

ஆனாலும் மையத்தில் கணக்கிட்டால் h = 1/2-க்கு 1/16, h = 1/4-க்கு 9/128. உண்மை மதிப்பு சுமார் 0.07367 என்பதால் பிழைகள் சுமார் 0.0112, 0.0034. 3.3 மடங்கு குறைகிறது, பார்க்க h² போலவே இருக்கிறது. சதுர மூலையில் 1/r² பெருக்கத்தைச் சமாளிக்கும் வேறு ஒப்பீட்டுச் சார்பு கட்டி இதை நிறுவவும் முடியும். ஆனால் எண்கள் நன்றாக வருகின்றன என்பதற்காக மேலே உள்ள தேற்றத்தைச் சான்றாகக் காட்டக் கூடாது. L வடிவப் பரப்பில் உள்நோக்கிய மூலையருகே பொதுவாக u என்பது r^(2/3) போல நடந்துகொள்ளும், அங்கே முதல் வகைக்கெழுவே கட்டுக்குள் இல்லை. அந்த மூலையை ஒட்டிய கட்டப்புள்ளியில் h-ஐப் பாதியாக்கிப் பாருங்கள்: பிழை 4 மடங்கு குறையாது, 1.6 மடங்கு அளவில்தான் குறையும்.