மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் நடப்பது என்ன? ஒரு நிமிடப் படியேற்றச் சோதனை

மாடிப்படியில் வேகமாக ஏறி மூச்சிரைத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக அப்படிக் குறைவதில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். இதய நோய், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்ய வேண்டாம், படித்தால் போதும்.

படி 1: ஓய்வில் அளவெடுங்கள்

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அப்புறம் உங்கள் மார்பு ஏறி இறங்குவதை வேறொருவர் ஒரு நிமிடம் எண்ணட்டும். நாமே எண்ணினால் மூச்சின் வேகம் மாறிவிடும். நிமிடத்துக்கு 12 முதல் 18 வரை வரும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் சொல்லும் SpO2 எண், ஆக்சிமீட்டரில் பெரும்பாலும் 96-க்கு மேல் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு நிமிடம் வேகமாகப் படியேறுங்கள்

ஏறத் தொடங்கிய சில நொடிகளிலேயே மூச்சு கூடும். ரத்தத்தில் அதற்குள் எந்த மாற்றமும் வந்திருக்காது. கால் தசைகளுக்குக் கட்டளை போகும்போதே மூளை சுவாச மையத்தையும் முடுக்கிவிடுகிறது.

தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை அள்ளி எடுப்பது அதற்குப் பிறகுதான். ஓய்வில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமார் 75 சதவீதம் மிச்சம் இருக்கும். கடும் உழைப்பில் அது 30-க்கும் கீழே போகலாம். இப்படிக் காலியாக வரும் சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க ஓய்வில் முக்கால் நொடி எடுக்கும். கடும் உழைப்பில் கால் நொடி அளவுதான் கிடைக்கும். அந்தக் கால் நொடியே ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளப் போதும் என்பதுதான் நம் நுரையீரலின் அருமை. உச்ச நிலையில் ஓடும் சில தடகள வீரர்களுக்கு மட்டும் இந்த நேரம் போதாமல் அளவு சற்று இறங்கும்.

படி 3: நின்றவுடன் மீண்டும் பாருங்கள்

விரலை ஆட்டாமல் அரை நிமிடம் வைத்திருங்கள். கை நடுங்கினாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறாகக் காட்டும். இதயத் துடிப்பு எண் நிலையாக வந்த பிறகு SpO2-ஐப் படியுங்கள். ஏறக்குறைய பழைய எண்ணே இருக்கும். ஆனால் 14 ஆக இருந்த மூச்சு 36 ஆகியிருக்கலாம். ஆக்சிஜன் குறையவில்லை என்றால் எதற்கு இந்த இரைப்பு?

காரணம் அமிலம். அவசர வேகத்தில் சர்க்கரையை உடைக்கும் தசையிலிருந்து லாக்டேட் என்ற பொருளும் அமிலமும் ரத்தத்துக்குள் வருகின்றன. அதைத் தணிக்க ரத்தத்தில் பைகார்பனேட் இருக்கிறது. சமையல் சோடாவில் இருப்பதும் அதுதான். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குமே, அதே வினைதான் ரத்தத்திலும் நடக்கிறது:

H⁺ + HCO₃⁻ → H₂O + CO₂

தசைகள் ஏற்கெனவே வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடோடு இந்த வினையில் வருவதும் சேர்கிறது. கழுத்துத் தமனிகளில் உள்ள சிறு உணர்விகள் அமிலம் ஏறுவதைக் கவனித்து, மூச்சை வேகப்படுத்தச் சொல்கின்றன. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அமிலமும் தணியும். அதாவது உங்கள் இரைப்பில் பெரும்பங்கு, உள்ளே இழுப்பதற்காக அல்ல, வெளியே தள்ளுவதற்காக.

படி 4: 1, 3, 5, 10-ஆம் நிமிடங்களில் எண்ணுங்கள்

நின்ற சில நொடிகளில் மூச்சு சட்டென ஒரு படி இறங்கும், ஏனென்றால் மூளையின் கட்டளை நின்றுவிட்டது. அதன்பின் இறக்கம் மெதுவாகும். நீங்கள் நின்றாலும் தசைக்குள் தேங்கிய லாக்டேட்டும் அமிலமும் ரத்தத்துக்குக் கசிந்துகொண்டே இருக்கின்றன. குறுகிய, கடுமையான உழைப்புக்குப் பின் ரத்தத்தில் லாக்டேட் உச்சத்தைத் தொடுவதே நின்று சில நிமிடங்கள் கழித்துத்தான்.

தசையின் உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட்டையும் மீண்டும் நிரப்ப வேண்டும். இதற்கு ஆக்சிஜன் தேவை, பெரும்பகுதி முதல் சில நிமிடங்களில் முடியும். உடல் சூடும் அட்ரினலினும் அடங்க இன்னும் நேரமாகும். நின்ற பிறகும் உடல் எடுக்கும் இந்தக் கூடுதல் ஆக்சிஜனை 1920-களில் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் ‘கடன்’ என்றார். லாக்டிக் அமிலத்தை அகற்றவே அதில் பெரும்பகுதி செலவாகிறது என்பது அவர் கணிப்பு. அந்தக் கணக்கு பின்னர் பொருந்தவில்லை. லாக்டேட்டில் பெரும்பகுதியை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாகவே எரித்துவிடுகின்றன.

எப்போது கவனிக்க வேண்டும்?

1-ஆம் நிமிடத்தில் 26, 3-இல் 21, 10-இல் 16 என்பதுபோல எண் இறங்கிக்கொண்டே வந்தால் சரி. இறங்கிய மூச்சு ஐந்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் கூடி, இருமலோ விசில் போன்ற சத்தமோ வந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், அல்லது ஆடாத விரலிலும் SpO2 92-க்குக் கீழேயே நிற்பது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.