யாரும் வாங்காத தெர்மாகோலை வீட்டை நாசமாக்காமல் அப்புறப்படுத்துவது எப்படி?

டிவியோ ஃபிரிட்ஜோ வாங்கினால் கூடவே ஒரு மூட்டை தெர்மாகோல் வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிற பழைய பொருள் வியாபாரி இதைப் பார்த்தால் மட்டும் கையை விரித்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. பொருள்களைப் பொதிய வரும் தெர்மாகோல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிலோதான் இருக்கும். 10 கன மீட்டர் கொள்ளும் வண்டியை விளிம்புவரை நிரப்பினாலும் மொத்தம் 200 கிலோ. மீதி முழுக்கக் காற்று. காற்றை ஏற்றிப் போக டீசல் யார் போடுவார்கள்?

ஆனால் பொருள் என்று பார்த்தால் இது மறுசுழற்சி ஆகக்கூடியதுதான். அழுத்தும் இயந்திரத்தில் போட்டால் அதே ஒரு கன மீட்டரில் 300 கிலோவுக்கு மேல் அடங்கும் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை உருக்கிப் படச்சட்டம், சுவரோரப் பட்டை எல்லாம் செய்கிறார்கள். ஆக, நம் வேலை இரண்டுதான்: அந்த இயந்திரம் இருக்கும் இடத்தைப் பிடிப்பது, அவர்கள் திருப்பி அனுப்ப முடியாத மாதிரி கொண்டுபோய்க் கொடுப்பது.

1. முதலில் இது தெர்மாகோல்தானா?

வெள்ளையாக, லேசாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஓரத்தை வளைத்துப் பாருங்கள். படக்கென்று உடைந்து, உடைந்த இடத்தில் உருண்டை உருண்டையாக மணிகள் தெரிந்தால் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மாகோல். முக்கோணக் குறிக்குள் 6 என்ற எண்ணும் இருக்கலாம். ஒடியாமல் மெத்தென்று மடங்கித் திரும்பினால் அது பாலிஎத்திலீன் நுரை, எண் 4. இரண்டையும் கலந்து கொடுத்தால் மொத்த மூட்டையும் திரும்பி வரும்.

சந்தேகம் தீரவில்லையா? ஆரஞ்சுத் தோலை அந்தத் துண்டின் மேல் பிடித்து மடக்கிப் பிழியுங்கள். தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெயில் லிமோனீன் இருக்கிறது, அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும். சில நிமிடத்தில் துளி விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிந்துவிடும். பாலிஎத்திலீன் நுரையில் ஒன்றும் ஆகாது. குறிப்பு எண் தேய்ந்துபோன துண்டுகளுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் கொட்டி வைக்கும் சின்னச் சின்ன நுரைத்துண்டுகளில் ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரைந்து கூழானால் அது மாவுச்சத்து, மக்கும் குப்பையில் போட்டுவிடலாம்.

2. வெட்டுவது (மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இது)

பெரிய துண்டைக் கையால் உடைத்தால் மணிமணியாய்ச் சிதறும். உடையும்போது உராய்வில் நிலைமின்னேற்றம் வேறு ஏறிக்கொள்ளும். அப்புறம் அந்த மணி கையில், சட்டையில், திரைச்சீலையில், துடைப்பத்தில் என்று எல்லாவற்றிலும் ஒட்டும், விழவேமாட்டேன் என்னும். காற்று வறண்டிருக்கும் நாளில் இன்னும் மோசம். ஒரு மணி சாக்கடையில் போய்ச் சேர்ந்தால் அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

அதனால் தரையில் பழைய பருத்தித் துணி ஒன்றை விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தெளிப்பானில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, துண்டின் மேலும் லேசாக அடியுங்கள். ஈரம் பட்டால் மின்னேற்றம் தங்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கத்தி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ரொட்டி வெட்டும் பல் கத்தி கூடவே கூடாது, அது அறுப்பதில்லை, மணியைப் பிய்க்கிறது. அலகை நீட்டி, நுனி மழுங்கினால் ஒடித்துவிடும் கட்டர் போதும். புது அலகு போட்டு, கத்தியைச் சாய்த்து, ஒரே பக்கமாக இழுங்கள். முன்னும் பின்னும் அறுக்காதீர்கள். தடிமனாக இருந்தால் பாதி ஆழம் கீறிவிட்டு, கீறல் வாய் திறக்கும் பக்கமாக மடக்கினால் ஓரளவு சுத்தமாக விட்டுக்கொடுக்கும். சூடான கம்பியால் வெட்டினால் மணி சிதறாதுதான், ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு தூக்கிப்போடுகிற பொருளை அழகாக வெட்ட வேண்டிய அவசியம் என்ன?

ஒரு கணக்கு பார்ப்போம். பெரிய டிவி ஒன்றின் மேல், கீழ் தாங்கிகள் சேர்ந்து 60 லிட்டர் நுரை என்று வையுங்கள். எடை ஒன்றேகால் கிலோகூட வராது. ஆனால் பள்ளமும் மேடுமாக இருப்பதால் அப்படியே மூட்டை கட்டினால் இதைப்போல இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். பள்ளம் இருக்கும் இடத்தில் வெட்டித் தட்டையான பலகைகளாக்கி, டிவி வந்த அதே அட்டைப்பெட்டியில் அடுக்கினால் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். போகும் வழியில் காற்றும் அடித்துப்போகாது. ஒட்டியிருக்கும் டேப், ஸ்டிக்கர், அட்டை எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள், உரியாவிட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் துணியை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கி, மணிகளைப் பைக்குள் கொட்டி முடிச்சுப் போடுங்கள். மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பெருக்கினால் ஓடும்.

3. கிளம்புவதற்கு முன் ஒரு போன்

"தெர்மாகோல் எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், ஆமாம் என்றுவிட்டு நேரில் வேறு சொல்வார்கள். அழுத்தும் இயந்திரம் அங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறோம் என்றால் எங்கே என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அது குப்பைமேட்டுக்குத்தான் போகும் என்று நான் எடுத்துக்கொள்வேன். வெள்ளை மட்டுமா, நிறம் போட்டதும் உண்டா என்பது அடுத்த கேள்வி.

கட்டடத்திலிருந்து பெயர்த்த வெப்பத்தடுப்புப் பலகைகளை இதோடு சேர்க்காதீர்கள். பழைய பலகைகளில் எச்பிசிடி என்ற தீத்தடுப்பு ரசாயனம் இருக்கலாம். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2013-இல் அது சேர்க்கப்பட்டது.

4. சாப்பாட்டு டப்பா

இதுவும் அதே பாலிஸ்டைரீன்தான், மணிகளுக்குப் பதிலாகத் தகடாக இழுத்துச் செய்தது. ஆனால் இதை எடுப்பவர்கள் மிகக் குறைவு. எண்ணெய் ஒட்டியிருக்கும், சேர்த்து வைத்தால் நாறும், எலி வரும். உலர்ந்த பண்டம் வைத்திருந்த டப்பா என்றால் கழுவிக் காயவைத்து, வெள்ளைக் காகிதத்தால் உள்ளே தேய்த்துப் பாருங்கள். காகிதத்தில் பளபளப்போ நிறமோ ஏறவில்லை என்றால், உணவு டப்பாவும் எடுப்போம் என்று போனில் சொன்ன இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம். எண்ணெய்க் கறை படிந்ததைத் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரை வீணாக்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பையில் கட்டி, மக்காத குப்பையில் போடுங்கள். நொறுக்கிப் போட்டால் பை கிழிந்ததும் பறக்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம். அசிட்டோனில் கரைத்தால் என்ன? ஒரு வாளி நுரை ஒரு கைப்பிடிப் பிசினாகச் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் கிளம்பும் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அசிட்டோன் ஊறிய பிசினை எந்த மையமும் வாங்காது, அதாவது சாதாரணக் குப்பையை ஆபத்தான குப்பையாக மாற்றியிருப்பீர்கள். எரிக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கரும்புகையோடு ஸ்டைரீனும் கார்பன் மோனாக்சைடும் வரும்.

இன்னொருவர் பூந்தொட்டியின் அடியில் துண்டுகளைப் போடுவதாக எழுதியிருந்தார். ஒன்றிரண்டு வருடத்தில் வேர் புகுந்து மணிமணியாகப் பிரிந்துவிடும், அடுத்த முறை மண் மாற்றும்போது அத்தனையும் மண்ணோடு கலந்து கிடக்கும். அதற்குப் பதில் கண்ணாடிச் சாமான் அனுப்புகிற யாருக்காவது முழுத் துண்டாகக் கொடுத்துவிடுங்கள்.