தலசீமியா பிள்ளைக்காகப் பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் மகளுக்கு இரத்த சோகை இருப்பதால் அவ்வப்போது விடுப்பு எடுக்க நேரிடும், தயவுகூர்ந்து அனுமதிக்கவும்." தலசீமியா மேஜர் உள்ள பிள்ளைகளின் தாய்மார் பள்ளிக்குக் கொடுக்கும் கடிதங்கள் பல இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. பணிவாக இருந்தாலும், பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது தவறு, நோயின் பெயரைச் சொல்லாமல் "இரத்த சோகை" என்று எழுதுவது. பெயரைச் சொன்னால் மற்றவர்கள் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இரத்த சோகை என்றதும் ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது இரும்புச்சத்து மாத்திரைதான். வாராந்திர இரும்புச்சத்துத் திட்டத்தின்கீழ் பள்ளிகளில் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற மாத்திரை கொடுக்கப்படுகிறது. சோகை என்று எழுதிக் கொடுத்த பிள்ளையைத்தான் ஆசிரியர் முதலில் கூப்பிட்டுக் கொடுப்பார். சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளையின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது. அது இதயத்திலும் கல்லீரலிலும் படியாமலிருக்கவே தினமும் மருந்து கொடுக்கிறோம். எனவே கடிதத்தில் இப்படி எழுதுவது நல்லது: "என் மகளுக்குத் தலசீமியா மேஜர் என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ளது. இது யாருக்கும் தொற்றாது. பள்ளியில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை இவளுக்குக் கொடுக்கக் கூடாது."

இரண்டாவது தவறு "அவ்வப்போது" என்ற சொல். அதற்கு எதிர்முனையில், ஆண்டு முழுவதற்கும் தேதிகளை அச்சடித்துக் கொடுப்பதும் தவறுதான். ஹீமோகுளோபின் எதிர்பார்த்ததைவிட முன்பே குறைந்தாலோ, பொருத்தமான இரத்தம் அன்று கிடைக்காமல் போனாலோ தேதி மாறிவிடும். இரண்டு முறை மாறினால் மூன்றாம் முறை பள்ளி நம்புவதற்குத் தயங்கும். இடைவெளியையும் நாளின் நடைமுறையையும் எழுதுவதே சரியான வழி.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும், 24 கிலோ எடையுள்ள ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவளுக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். முதல் நாள் பள்ளி விட்டதும், ஏற்றப்போகும் இரத்தம் பொருந்துமா என்று சோதிக்கும் கிராஸ் மேட்ச் பார்க்க இரத்த மாதிரி கொடுத்துவிடலாம். அதற்கு விடுப்பு வேண்டியதில்லை. மறுநாள் கிலோவுக்கு 15 மில்லி என்ற கணக்கில் 360 மில்லி ஏற்றினால், மணிக்கு 120 மில்லி வீதம் மூன்று மணி நேரம் ஆகும். பை வந்து சேர்வது, ஊசி போடுவது, முடிந்தபின் சிறிது நேரம் கண்காணிப்பது எல்லாம் சேர்ந்தால் மாலையாகிவிடும். "அரைநாள் விடுப்பு போதும், மதியம் அனுப்பிவிடுகிறேன்" என்று வாக்களிப்பது இந்தக் கணக்கைப் பார்க்காமல் செய்யும் பிழை. "மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு முழுநாள்; தேதியை முந்தைய வாரமே தெரிவிப்பேன்; இரத்தம் கிடைப்பதைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம்" என்று எழுதினால் போதும்.

இதே கணக்கு வருகைப்பதிவுக்கும் உதவும். பள்ளி நடக்கும் பத்து மாதங்களில் இந்தச் சிறுமிக்குப் பதினான்கு முறை அளவில் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். வேலை நாட்கள் 220 என்றால், விடுப்பு ஆறு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆகவே தொடக்கத்திலேயே வருகைப்பதிவில் விலக்கு கேட்டு முதல்வரைக் கவலைப்படுத்தத் தேவையில்லை. கேட்க வேண்டியது வேறு: அந்த நாளில் தேர்வு வந்தால் மறுநாள் எழுத அனுமதி. காய்ச்சல், பரிசோதனை என்று வேறு விடுப்புகளும் சேரும் என்பதால் மருத்துவமனைச் சீட்டின் நகலை ஒவ்வொரு முறையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. பொதுத்தேர்வு வகுப்பில் 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற பேச்சு எழும்போது அந்தக் கோப்புதான் பேசும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் தலசீமியாவும் இருப்பதால், சான்றிதழ் பெற்றிருந்தால் அதன் நகலையும் இணைக்கலாம்.

விடுப்பு நாளை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய நாட்களை விட்டுவிடுவது இன்னொரு குறை. இரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய சில நாட்களில் பிள்ளை வகுப்பில் இருந்தாலும் சோர்ந்திருப்பாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கலாம். அந்த நாட்களில் ஓட்டப்பந்தயத்துக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று குறிப்பிட்டால், உடற்கல்வி ஆசிரியர் அவளைச் சோம்பேறி என்று எண்ணமாட்டார். மற்ற நாட்களில் விளையாட விடாமலும் தடுக்கமாட்டார்.

கடைசியாக, காய்ச்சல். இரும்பை வெளியேற்ற டெஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்கு வெள்ளையணுக்கள் திடீரெனக் குறைய வாய்ப்புண்டு. மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைக்குத் தொற்று வேகமாகப் பரவும். இவர்களுக்குப் பள்ளியில் பாராசிட்டமால் கொடுத்து மாலைவரை படுக்கவைக்கக் கூடாது. "காய்ச்சல் கண்டால் உடனே என்னை அழைக்கவும், அன்றே இரத்த அணுக்களைச் சோதிக்க வேண்டும்" என்ற வரியையும் இரண்டு தொலைபேசி எண்களையும் கடிதத்தின் மேற்பகுதியிலேயே தனியாக எழுதி, வகுப்பு ஆசிரியருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.