ஆடித் திருவிழா நோட்டீஸ்: அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்தில் ஆடி பிறந்தால் கோட்டை, குகை, அம்மாபேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மாரியம்மன் கோயில் நோட்டீஸ்தான். பெரும்பாலும் எதுவும் புதிதாக அடிக்கப்படுவதில்லை. டிடிபி கடையில் போன வருடத்து ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவார்கள். பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஒரு மாதிரி வரியைப் பாருங்கள்: “விசுவாவசு வருடம் ஆடி மாதம் 22ஆம் தேதி (6.8.2025) புதன்கிழமை பொங்கல் வைத்தல்.” ஆங்கிலத் தேதியும் கிழமையும் சரி. தமிழ்த் தேதிதான் தவறு. 2025இல் ஆடி 1, ஜூலை 17 வியாழன். ஆகவே அந்த ஆடியில் ஜூலைத் தேதியிலிருந்து 16ஐக் கழிக்க வேண்டும், ஆகஸ்ட் தேதியோடு 15ஐக் கூட்ட வேண்டும். ஆகஸ்ட் 6 என்றால் ஆடி 21. அப்படியானால் 22 எங்கிருந்து வந்தது? 2024இல் அதே புதன்கிழமை ஆகஸ்ட் 7ஆம் தேதி, ஆடி 22. ஆங்கிலத் தேதியை மாற்றியவர் தமிழ்த் தேதியைத் தொடவில்லை. மாதப் பிறப்பு சில வருடங்களில் ஒரு நாள் தள்ளும் என்பதால், இந்தக் கழித்தல் கணக்கை அடுத்த வருடத்துக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். காலண்டரில் ஆடி 1 எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வருடப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. பங்குனித் திருவிழா நோட்டீஸில் 2026 மார்ச் என்றால் இன்னும் விசுவாவசுதான். சித்திரை பிறந்த பிறகே பராபவ.

தேதியில் ஜனங்களை உண்மையிலேயே அலையவிடுவது நள்ளிரவு நிகழ்ச்சிகள்தான். “6.8.2025 செவ்வாய் இரவு 1 மணிக்கு சக்தி அழைப்பு” என்று போட்டால் எந்த இரவு? ஊர் வழக்கில் விடியும்வரை செவ்வாய்தான், ஆனால் ஆங்கிலத் தேதி 12 மணிக்கே மாறிவிடுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர் தேதியைப் பார்த்து புதன் இரவு வந்து நிற்பார், அதற்குள் பொங்கலே முடிந்திருக்கும். “5.8.2025 செவ்வாய் நள்ளிரவு 1 மணி, விடிந்தால் புதன்” என்று போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை.

சடங்குப் பெயர்களில் எழுத்துப்பிழை என்றே தெரியாத பிழைகள் ஆபத்தானவை. “அழகு குத்துதல்” என்பதில் இரண்டும் சரியான சொற்கள், கண் தாண்டிப் போய்விடும். வேண்டியது அலகு. “கம்பம் நடுதல்” கும்பமாகிவிட்டால் சடங்கே வேறு. இன்னொரு பக்கம், திருத்துகிறவர் அதிகம் படித்தவராக இருந்தால் சத்தாபரணத்தைச் சப்தாவரணமாக்கிவிடுவார். ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே விடுவதுதான் என் கட்சி. சந்தேகம் வந்தால் பூசாரியைக் கேளுங்கள், அகராதியை அல்ல.

சந்திக்கு நோட்டீஸின் கடைசி வரி ஒன்றே போதும். “பக்தர்கள் கலந்துக் கொண்டு அம்மனை தரிசித்து அருள் பெறுமாறு கேட்டு கொள்கிறோம்.” வேண்டாத இடத்தில் ஒற்று இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை. “கலந்து” மென்தொடர், அதன் பின் மிகாது: கலந்துகொண்டு. “கேட்டு” வன்தொடர், மிகும்: கேட்டுக்கொள்கிறோம். ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் மிகும்: அம்மனைத் தரிசித்து, அம்மனுக்குச் சிறப்பு அபிஷேகம். தலைப்பில் “ஆடித் திருவிழா” என்று போட்டுவிட்டு உள்ளே “ஆடி திருவிழா” என்று விடுவதும் சகஜம். கோயிலா கோவிலா என்பதில் இரண்டும் வழக்கில் உள்ளவை, ஒரே நோட்டீஸில் இரண்டும் வேண்டாம். கண்ணால் தேடாமல் ஃபைலில் தேடல் கொடுத்துப் பார்த்தால் எல்லா இடமும் கிடைத்துவிடும்.

அப்புறம் அடைமொழிகள். அம்மனுக்கு “அருள்மிகு” போட்டபின் “ஸ்ரீ” கூடுதல், ஆனால் கோயிலின் பதிவுப் பெயரிலேயே இரண்டும் இருந்தால் கை வைக்க வேண்டாம். சண்டை வருவது உபயதாரர் பட்டியலில். “தெய்வத்திரு” என்பது மறைந்தவருக்கு மட்டும். போன வருடம் “திரு” என்று இருந்த பெரியவர் இடையில் காலமாகியிருக்கலாம், ஃபைலுக்கு அது தெரியாது. இடம் போதாமல் “நினைவாக” என்ற சொல் அடுத்த வரிக்கு இறங்கி, உயிரோடு இருக்கும் மகன் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அதனால் இந்தப் பட்டியலை வேர்டு ஃபைலில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். பக்கம் கட்டி முடித்த பிரிண்டை வாங்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் வரியை மட்டும் போனில் படித்துக் காட்டிவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.